வியட்நாமிய மெயிலில் ‘நீங்கள்’ என்று எழுத எந்தச் சொல்?

கேள்வி: ஹோ சி மின் நகரத்தில் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. வயது 34. வியட்நாமிய மொழி ஓரளவு தெரியும். சப்ளையர்களுக்கு மெயில் எழுதும்போது புத்தகத்தில் படித்தபடி ‘பான்’ என்று போட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் பார்த்துவிட்டு “ஐயோ, இப்படியேவா அனுப்பினீர்கள்?” என்றாள். ‘நீங்கள்’ என்பதற்கு எல்லாருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாதா? வயதோ, ஆணா பெண்ணா என்பதோ தெரியாதவருக்கு என்ன எழுதுவது? பெரிய பதவியில் இருப்பவர் வயதில் சின்னவராக இருந்தால்?

பதில்:

கிடையாது. அதைத் தேடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. நான் பின் யுவாங் பக்கம் (இப்போது அதை ஹோ சி மின் நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள், 2025 ஜூலையிலிருந்து) எட்டு வருஷம் கொள்முதல் வேலை பார்த்தேன். முதல் வருஷம் முழுக்க இந்தப் பொதுச்சொல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில் எழுத்து விஷயம். கீழே இருக்கும் ஏழு சொற்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

```
anh   chị   em   tôi   ông   bà   bạn
```

இவற்றை இதே வரிசையில் அன், ச்சி, எம், தோய், ஓங், பா, பான் என்று எழுதிக்கொள்கிறேன். தெற்கத்தி உச்சரிப்பு, அதுவும் குத்துமதிப்பாகத்தான். ‘ச்சி’ நம் காதுக்கு யாரையோ திட்டுவதுபோல விழும், பழகிவிடும். அன் என்றால் அண்ணன், ச்சி என்றால் அக்கா, எம் என்றால் தம்பி அல்லது தங்கை. ஓங் தாத்தா, பா பாட்டி. ஆனால் அலுவலகக் கடிதத்தில் இந்த இரண்டும் திரு, திருமதி போல ஆகிவிடும். தோய் என்பது உறவு எதுவும் ஒட்டாத ‘நான்’. பான் என்றால் நண்பர்.

பான் ஏன் தப்பு என்று இதிலேயே தெரிந்துவிடும். புத்தகம் போடுகிறவர்களுக்கு முதல் பாடத்தில் ‘நீ’ என்பதற்கு ஏதாவது ஒரு சொல் வேண்டும், பான் என்று போட்டுவிடுகிறார்கள். கல்லூரி மாணவர்கள் தங்களுக்குள் பேசலாம், விளம்பரத்தில் முகம் தெரியாத வாசகரைக் கூப்பிடலாம். ஐம்பது வயது விற்பனை மேலாளரிடம் சொன்னால் “நீயும் நானும் ஒரு வயசு, ஒரு தரம்” என்று சொன்னதாக ஆகும். அவர் கோபப்பட மாட்டார், வெளிநாட்டுக்காரர் என்று விட்டுவிடுவார். ஆனால் மெயில் ஒட்டாது.

நமக்கு இந்த உறவுச் சொற்கள் புதிதில்லை. கடைக்காரரை அண்ணே என்கிறோம், பக்கத்து வீட்டு அம்மாவை அக்கா என்கிறோம். அதனால்தான் தமிழ்க்காரர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள், ஆனால் ஒரு இடத்தில் கட்டாயம் சறுக்குகிறார்கள். நாம் “அண்ணே, நீங்க நாளைக்கு வாங்க, நான் ரெடி பண்ணி வைக்கிறேன்” என்று சொல்லும்போது அண்ணே என்பது கூப்பிடும் சொல் மட்டும்தான். அடுத்து வருகிற ‘நீங்க’வும் ‘நான்’உம் உறவைப் பொருட்படுத்தாமல் தம் வேலையைப் பார்க்கின்றன. வியட்நாமியத்தில் அந்த நீங்களும் நானும் இருந்த இடத்திலேயே உறவுச்சொல் உட்கார்ந்துவிடுகிறது. “அண்ணன் நாளைக்கு வரவும், தம்பி தயாராக வைக்கிறேன்” என்பது மாதிரி, ஒவ்வொரு வாக்கியத்திலும், மெயில் முடியும் வரை. அதனால் எதிரில் இருப்பவருக்கு ஒரு சொல்லை எடுத்த அந்த நொடியே உங்களுக்கும் ஒரு சொல் முடிவாகிவிடுகிறது. அவரை ச்சி என்றால் நீங்கள் எம். இந்த விஷயத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே `xưng hô`, ஸுங் ஹோ. ஸுங் என்றால் தன்னைச் சொல்லிக்கொள்வது, ஹோ என்றால் பிறரை அழைப்பது. இரண்டும் சேர்ந்துதான் ஒரு சொல். ஆக நீங்கள் தேட வேண்டியது ஜோடி.

உங்கள் வயதுக்கு, உங்கள் வேலைக்கு, பத்தில் எட்டு மெயிலுக்கு ஒரே ஜோடி போதும்: அவர் அன் அல்லது ச்சி, நீங்கள் எம். ஒரு சப்ளையர் கம்பெனியின் விற்பனைத் தலைவி, ஐம்பதை ஒட்டிய வயது, பெயர் `Nguyễn Thị Thu Hà` என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் குமார். விலைப்பட்டியல் வந்துவிட்டது, சரக்கு வரும் தேதியைக் கேட்க வேண்டும்.

```
Kính gửi chị Hà,

Em là Kumar, phụ trách mua hàng của công ty ABC.
Em đã nhận được báo giá của chị.
Nhờ chị xem giúp em ngày giao hàng ạ.

Em cảm ơn chị.
Trân trọng,
```

எண்ணிப் பாருங்கள், இந்தச் சின்ன மெயிலில் நாலு ச்சி, நாலு எம். “ஹா அக்காவுக்கு மரியாதையுடன் அனுப்புவது. தம்பி ஏபிசி கம்பெனியின் கொள்முதலைக் கவனிக்கும் குமார். அக்காவின் விலைப்பட்டியல் தம்பிக்குக் கிடைத்தது. தம்பிக்காக அக்கா தேதியைக் கொஞ்சம் பார்த்துத் தர வேண்டும்.” நமக்கு இது அலுவலக மெயிலா ரக்ஷா பந்தன் வாழ்த்தா என்று தோன்றும். அவர்களுக்கு இது சாதாரணமான, ஒழுங்கான வியாபார மெயில். குழைவு இல்லை, கெஞ்சல் இல்லை. ‘நான், நீங்கள்’ என்று நாம் எழுதும்போது எவ்வளவு உணர்ச்சி இருக்குமோ அவ்வளவுதான் இதிலும்.

கேட்கும் வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். அதில் `nhờ` என்பது உங்களை நம்பி இந்த வேலையை விடுகிறேன் என்பது, `giúp em` என்பது எனக்கு உதவியாக என்பது, கடைசியில் வரும் `ạ` நம் ‘ங்க’ மாதிரி மரியாதைக்கு ஒட்டும் ஓசை. மூன்றும் சேர்ந்தால் கேட்டது கட்டளையாகத் தெரியாது. மூன்றையும் எல்லா வரியிலும் போடாதீர்கள். ஆ என்ற அந்த ஓசையை வரிக்கு வரி போட்டால் பள்ளிக்கூடப் பையன் லீவு கேட்பது போல இருக்கும். நான் அப்படிச் சில மாதம் எழுதியிருக்கிறேன், யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று, பெயர். அவர்கள் குடும்பப் பெயரை முதலில் எழுதுவார்கள், சொந்தப் பெயர் கடைசியில். அழைப்பது கடைசிப் பெயரால். மேலே இருப்பவர் ச்சி ஹா. திருமதி நுயென் என்று எழுதினால் அந்த அலுவலகத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவு நுயென்கள். ஆங்கிலத்தில் எழுதும்போதும் `Ms. Ha` என்பதுதான் அங்கே வழக்கம். ஆனால் மெயில் பெட்டியில் சிலர் பெயரை மேற்கத்திய முறையில் திருப்பிப் போட்டிருப்பார்கள், `Ha Nguyen` என்று. அதில் முதலில் இருப்பதுதான் சொந்தப் பெயர். குழப்பம் என்றால் முகவரியைப் பாருங்கள். நிறைய கம்பெனிகளில் சொந்தப் பெயரை முழுதாகவும் மற்றவற்றின் முதலெழுத்துகளைப் பின்னாலும் வைப்பார்கள், `hantt` என்பது மாதிரி. ஹா என்று கூப்பிட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது.

சரி, ஆணா பெண்ணா. பெயர் நடுவில் `Thị` இருந்தால் பெண். `Văn` இருந்தால் ஆண். இரண்டும் இல்லாத பெயர்கள் இப்போது அதிகம். ஹா, தூ போன்ற பெயர்கள் இரு பாலுக்கும் வரும். இதைவிட மோசம், மெயிலில் மேல்கீழ்க் குறிகள் உதிர்ந்துபோவது. திரையில் `Dung` என்று மட்டும் தெரியும். அது குறி இல்லாத `Dung` என்றால் பெண். `Dũng` என்றால் ஆண், வீரன் என்று அர்த்தம். ஒரு தொழிற்சாலையின் இயக்குநருக்கு நான் ஒன்றரை மாதம் “ச்சி” போட்டு எழுதியிருக்கிறேன். அவர் ஒவ்வொரு பதிலிலும் தன்னை அன் என்றே எழுதிக்கொண்டிருந்தார், அதாவது மெதுவாகத் திருத்திக்கொண்டிருந்தார், எனக்குத்தான் உறைக்கவில்லை. நேரில் போனபோது மீசையோடு வந்து கை கொடுத்தார். அதற்குப் பிறகு, தெரியாத பெயர் வந்தால் நேராகக் கம்பெனியின் பொது எண்ணுக்கு போன் போட்டு “இவர் அன்னா ச்சியா” என்று கேட்டுவிடுவேன். வரவேற்பில் இருப்பவர்கள் இதை விசித்திரமாக நினைப்பதில்லை, அவர்களும் தினம் செய்வதுதான். கேட்க வழியில்லை என்றால் நடுவில் சாய்கோடு போட்டு இரண்டையும் எழுதுங்கள்:

```
Kính gửi Anh/Chị,
```

பெரிய எழுத்தில் தொடங்குவது கூடுதல் மரியாதை. உங்களைக் குறிக்கும் எம் மட்டும் வாக்கிய நடுவில் சின்ன எழுத்திலேயே இருக்கட்டும்.

வயது தெரியாவிட்டால்? இதற்குத்தான் ஊரில் ஆளைப் பார்த்த இரண்டாவது நிமிஷம் பிறந்த வருஷத்தைக் கேட்கிறார்கள். நம் ஆட்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன், பெண்களிடம் எப்படி வயது கேட்பது என்று. அங்கே அது வம்பு இல்லை. வாக்கியமே அது தெரியாமல் தொடங்காது. வருஷத்தைச் சொல்ல விரும்பாதவர் எந்த விலங்கின் ஆண்டு என்பார், பன்னிரண்டு விலங்கு (நம்மூர்ச் சீன ஓட்டலில் முயல் படம் இருக்குமே, அவர்களுக்கு அந்த இடத்தில் பூனை), ஆளைப் பார்த்து எந்தச் சுற்று என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியது. அங்கே எல்லாரும் செய்தி அனுப்பும் ஸாலோ ஆப்பில் படம் இருக்கும், அதையும் பார்க்கலாம். ஆனால் மெயிலில் இதையெல்லாம் விட நம்பகமான தடயம் ஒன்று உண்டு: அவர் தன்னை என்னவென்று எழுதுகிறார்.

“அக்கா தம்பிக்கு அனுப்புகிறேன்” என்று வந்தால் ஜோடியை அவரே முடிவு பண்ணிவிட்டார், ஏற்றுக்கொண்டு எம் என்று எழுதுங்கள். “எம் அன்னுக்கு அனுப்புகிறேன்” என்று வந்தால் அவசரப்படாதீர்கள். அவர் உண்மையில் சின்னவராக இருக்கலாம். இல்லை, விற்பனைப் பிரிவில் இருப்பதால் எம் என்று தாழ்த்திக்கொள்கிறவராகவும் இருக்கலாம். கடையில் 45 வயதுப் பெண் 25 வயது வாடிக்கையாளரை அன் என்று அழைத்துத் தன்னை எம் என்பது அங்கே தினசரி காட்சி. நீங்கள் வாங்குகிற பக்கம், அதனால் உங்களுக்கு எம் போடுகிறவர்களில் பாதிப் பேர் உங்களைவிடப் பெரியவர்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். அவரைப் பதிலுக்கு எம் என்று அழைத்துவிட்டீர்கள், அப்புறம் நேரில் பார்த்தால் உங்கள் சித்தி வயசு. அந்தச் சங்கடம் எதற்கு? அதிலும் ஓர் ஆண், முகம் தெரியாத பெண்ணை முதல் மெயிலிலேயே எம் என்பது, காதலர்கள் அழைத்துக்கொள்வதும் இதே அன், எம் என்பதால், அசட்டுத்தனமாக விழக்கூடும். முதல் மெயிலில் யாரையும் எம் என்று அழைக்காதீர்கள் என்பதை மட்டும் நான் கறாராகச் சொல்வேன். உங்களுக்கு எம் வந்தால் நீங்கள் தோய், அவர் ச்சி என்று இரண்டு மூன்று மெயில் ஓட்டுங்கள். உண்மையிலேயே சின்னவர் என்றால் அவரே எம் என்றே அழைக்கச் சொல்லிவிடுவார்.

மேலே ஏறுவதிலும் ஒரு எல்லை இருக்கிறது. அப்பா வயதுக்காரரை ச்சூ (சித்தப்பா) அல்லது பாக் (பெரியப்பா) என்றும், அம்மா வயதுப் பெண்ணை கோ (அத்தை) என்றும் அழைப்பதுதான் தெருவில் முறை. ஹோ சி மின்னையே பாக் ஹோ என்றுதான் நாடு முழுக்கச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு நீங்கள் 34 வயதில் 56 வயது விற்பனைத் தலைவியை கோ என்று எழுதினால், மரியாதை பண்ணினோம் என்று நினைப்பீர்கள். அவரோ “நான் அவ்வளவு கிழவியா” என்பார், அல்லது பேச்சு வீட்டுப் பேச்சாகிவிட்டதாக உணர்வார். அத்தை என்று அழைக்கிற ஒருவனோடு உட்கார்ந்து விலை பேசுவது கஷ்டம். அதனால் அலுவலகத்தில் எல்லாரையும் ஒரே தலைமுறைக்குள், அண்ணன் அக்கா தம்பி தங்கை என்ற வளையத்துக்குள், வைத்துக்கொள்வதுதான் வழக்கமாகிவிட்டது. இருபது வருஷம் மூத்தவரும் அன்தான், ச்சிதான். புதிதாகச் சேரும் பயிற்சிப் பையன் அறுபது வயதுப் பொறியாளரை ச்சூ என்பான், தன்னைத் தெற்கே கோன் என்றும் வடக்கே சாவ் என்றும் சொல்லிக்கொள்வான். உங்களுக்கு அது வேண்டாம். ஒருவர் தானே தன்னை ச்சூ என்று எழுதினால் மட்டும் பின்தொடருங்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, பதவியும் வயதும் முட்டும்போது. உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஹா அக்காவுக்குச் சுமார் 50. அவருடைய இயக்குநர் ஸூங் (அந்த மீசைக்காரர் இல்லை, வேறு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்), 31 வயது, முதலாளி மகன். இருவருக்கும் சேர்த்து ஒரு மெயில், சரக்கு தாமதம் பற்றி. முகப்பில் பதவிதான் முதலில்:

```
Kính gửi anh Dũng và chị Hà,
```

உங்களைவிட மூன்று வயது சின்னவர், ஆனாலும் அன். பதவியில் இருப்பவரை வயதைக் காட்டி எம் என்பது கிடையவே கிடையாது. அன் என்ற சொல் அண்ணன் என்ற பொருளோடு கூட ‘மதிப்புக்குரிய ஆண்’ என்ற பொருளிலும் ஓடுவதால் இதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. சிக்கல் ‘நான்’இல்தான். ஹாவுக்கு நீங்கள் எம். ஸூங்குக்கும் எம் என்றால், வயதில் மூத்த, அதுவும் பணம் கொடுக்கிற பக்கத்து ஆள் இவ்வளவு இறங்க வேண்டுமா என்று உங்கள் மேலாளரே கேட்பார். ஒரே மெயிலில் இரண்டு ‘நான்’ எழுதவும் முடியாது. இந்த இடத்தில் வியட்நாமியர்கள் செய்வதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்: தோய் போடுவார்கள், அல்லது நான் என்பதையே விட்டுவிட்டுக் கம்பெனியைப் பேச வைப்பார்கள்.

```
Công ty ABC đã nhận được thông báo chậm giao hàng.
Nhờ chị Hà xác nhận lại ngày giao giúp ạ.
Xin cảm ơn anh chị.
```

இதில் ‘நான்’ எங்கேயும் இல்லை. முதல் வரியில் கம்பெனி, இரண்டாவதில் வேலை யாருடையதோ அவர் பெயரோடு, மூன்றாவதில் `xin`, அதாவது பணிவோடு கேட்கும் சொல். எழுவாயை விடுவது வியட்நாமியத்தில் சுலபம், ஆனால் மரியாதைச் சொல் எதுவும் இல்லாமல் விட்டால் அது `nói trống không`, வெற்றாகப் பேசுவது. பிள்ளைகளை வீட்டில் இதற்குத்தான் அதட்டுவார்கள். “கிடைத்தது. தேதி அனுப்பவும்.” என்று நாம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய இரண்டு வரி மெயிலை அப்படியே அங்கே எழுதினால் விழுவது இந்தப் பள்ளத்தில்தான். ஹாவுக்குத் தனியாக எழுதும்போது வழக்கம்போல எம், ச்சி என்று திரும்பிவிடுங்கள். ஆளுக்கு ஆள், மெயிலுக்கு மெயில் உங்கள் ‘நான்’ மாறுவதில் தப்பே இல்லை.

உங்கள் சொந்த மேலாளர் சின்னவர் என்றாலும் இதேதான். அவர் அன், நீங்கள் தோய் அல்லது எம். நல்ல மேலாளராக இருந்தால் அவரும் உங்களை அன் என்பார். ஆளுக்கு ஆள் அண்ணன் என்றுகொண்டிருப்பது வேடிக்கையாகத் தெரியும், அப்படியே வருஷக்கணக்கில் ஓடும்.

அடுத்தது பணம் போகிற இடம், இதைக் கவனமாகப் படியுங்கள். கம்பெனியைக் குறிக்க ‘பென்’ என்ற சொல்லைச் சேர்ப்பார்கள், தரப்பு என்று அர்த்தம். `bên em` என்றால் எங்கள் தரப்பு, `bên anh` என்றால் உங்கள் தரப்பு. இதுவரை சரி. மூன்றாவதாக `bên mình` என்று ஒன்று வரும். மின் என்பது ‘நான்’ என்றும் வரும், ‘நாம்’ என்றும் வரும், விற்பனைக்காரர் வாயில் அன்பாக ‘உங்கள்’ என்றும் வரும். ஐந்தாறு வருஷம் முன்னால் ஒரு அட்டைப்பெட்டி சப்ளையர் 3,000 பெட்டியில் அளவைத் தப்பாக அச்சடித்துவிட்டார். திருப்பி எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். விற்பனைப் பெண் எழுதிய வரி இது:

```
Phí vận chuyển bên mình chịu ạ.
```

வண்டிக் கூலியை ‘பென் மின்’ ஏற்கும். நான் அதை “எங்கள் தரப்பு ஏற்கும்” என்று படித்து நிம்மதியாகக் கோப்பை மூடினேன். அவர் எழுதியது “உங்கள் தரப்பு” என்ற பொருளில். மாதக் கடைசியில் 46 லட்சம் டாங் பில் வந்தது. பெரிய தொகை இல்லை, 200 டாலர்கூட வராது, ஆனால் யார் சொன்னது சரி என்று மூன்று வியட்நாமியச் சகாக்களிடம் அந்த வரியைக் காட்டினேன். இருவர் ‘அவர்கள் தரப்பு’ என்றார்கள், ஒருவர் ‘நம்ம தரப்பு’ என்றார். பாதிப் பாதி கட்டி முடித்தோம். கூடவே `giúp em` என்று இருந்திருந்தால், எனக்காக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நம்மைக் கேட்கிறார் எனப் புரிந்திருக்கும். அது இல்லாததால் இரண்டு பக்கமும் கதவு திறந்திருந்தது. அன்றிலிருந்து பணம், பொறுப்பு, கெடு தேதி வரும் வாக்கியத்தில் உறவுச்சொல்லை நான் வைப்பதே இல்லை. ஒப்பந்தத்தில் இருப்பது போல விற்பவர் தரப்பு, வாங்குபவர் தரப்பு என்றே எழுதிவிடுவது:

```
Bên bán chịu phí vận chuyển hàng trả lại.
```

அவர்களிடமிருந்து ‘பென் மின்’ வந்தால், ஆமாம் போட்டுவிடாமல் இந்த வடிவத்தில் மாற்றி எழுதி “இப்படித்தானே” என்று கேட்டு அனுப்புங்கள். ஒருவரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

இதற்குப் பக்கத்திலேயே நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. வியட்நாமியத்திலும் நாங்கள் வேறு, நாம் வேறு. `chúng tôi` என்றால் நாங்கள், `chúng ta` என்றால் நீங்களும் சேர்ந்த நாம். ஆங்கிலக்காரர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள், நமக்கு ஒரு நிமிஷ வேலை. மெயிலில் கம்பெனி சார்பாகப் பேசும்போது நாங்கள் என்ற முதலாவதுதான். “நாம் தாமதத்துக்கு வருந்துகிறோம்” என்று எழுதினால் அவர்களையும் வருந்தச் சொன்ன மாதிரி ஆகும், தமிழில் போலவே.

கடைசியாக, விறைப்பான மெயில். முதல் விசாரணை, ஒப்பந்தம், அரசு அலுவலகத்துக்கான கடிதம் இவற்றில் ஓங், பா, தோய் வரும். ஆள் தெரியாத நிறுவனம் என்றால் `Quý công ty`, மதிப்புக்குரிய கம்பெனி. அரசு ஆவணங்களுக்கு 2020இல் வந்த 30ஆம் எண் ஆணையில் வடிவமே வரைந்து கொடுத்திருக்கிறார்கள், அதிலும் பெறுநரைக் குறிப்பது இதே ‘கின் கூய்’ என்ற தொடக்கத்தோடுதான். நம் ஹா அக்காவையே இந்த நடையில் எழுதிப் பாருங்கள்:

```
Kính gửi: Bà Nguyễn Thị Thu Hà – Trưởng phòng Kinh doanh

Tôi đã nhận được báo giá của Bà.
Đề nghị Quý công ty xác nhận ngày giao hàng.
```

இலக்கணம் சுத்தம், மரியாதை குறையவில்லை. ஆனால் நேற்றுவரை எம், ச்சி என்று எழுதிக்கொண்டிருந்தவர் இன்று இதை அனுப்பினால், ஹா படிக்கும் செய்தி ஒன்றுதான்: இவன் கோபமாக இருக்கிறான், அடுத்தது வக்கீல். மரியாதை கூடக்கூட உறவு விலகுகிற இந்தக் கணக்கு வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடிபடவே நாளாகும். கூடுதல் மரியாதை காட்டுகிறோம் என்று நினைத்து, பழகிய சப்ளையருக்குத் திடீரென்று ‘பா’ போட்டு எழுதி, அவர் பதறிப்போய் போன் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதைத் திருப்பியும் பயன்படுத்திக்கொள்ளலாம். உங்களுக்கு வரும் மெயில்களில் ‘நான்’ எது என்று மட்டும் கண்ணை ஓட்டிக்கொண்டே இருங்கள். பாக்கி வைத்திருந்த காலத்தில் ஒரு சப்ளையரின் கணக்குப் பெண் வாராவாரம் எழுதுவார், முதல் மூன்று வாரம் “எம்”, நாலாவது வாரம் “பென் எம்”, ஐந்தாவது வாரம் “நாங்கள்”. தொகை, தேதி, வாக்கியம் எதுவும் மாறவில்லை. ஆறாவது வாரம் “தோய்” வந்தது, அன் என்று இருந்த இடத்தில் என் முழுப் பெயரோடு “ஓங்”. அன்று மத்தியானமே கணக்குப் பிரிவில் போய் நின்று பணத்தைப் போடவைத்தேன். மறுநாள் காலை நன்றி மெயில் வந்தது, மறுபடியும் எம், கடைசியில் ஒரு ஆ.